ஸ்குவாஷ் நீர்த்துப்போனால், திகட்டினால்: அண்டாவிலேயே சரிசெய்யும் கணக்கு

மலைப்பக்கத்துக் கல்யாணத்துக்கு வரும் விருந்தாளிகள், வரவேற்பில் தரும் முதல் டம்ளரில் தாட்பூட் பழமோ பிளம்ஸோ மணக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நல்ல ஸ்குவாஷ் வாங்கியும் அந்த டம்ளர் சப்பென்று இருந்தால், பழி கடைக்காரர் மீது போகிறது. ஆனால் பெரும்பாலும் தவறு பாட்டிலில் இருப்பதில்லை, அண்டாவுக்குள் ஊற்றிய தண்ணீரில் இருக்கிறது. எந்தக் குறி தெரிந்தால் எதைச் சந்தேகிப்பது, கலந்துவிட்ட பானத்தைக் கொட்டாமல் எப்படி மீட்பது என்பதை ஒரே ஓர் உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன்.

கோத்தகிரியில் ஒரு மண்டபம், 150 பேர், ஆளுக்கு 200 மி.லி. டம்ளர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லிட்டர் பானம் வேண்டும். பாட்டில் லேபிளில் '1 பங்கு ஸ்குவாஷுக்கு 3 பங்கு தண்ணீர்' என்று இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 4 பங்கு. 30 லிட்டரை 4-ஆல் வகுத்தால் ஒரு பங்கு ஏழரை லிட்டர். ஆகவே ஸ்குவாஷ் ஏழரை லிட்டர், தண்ணீர் இருபத்திரண்டரை லிட்டர். 700 மி.லி. பாட்டிலாக வாங்கினால் 11 பாட்டில் தேவைப்படும், கொஞ்சம் மிஞ்சும். எந்த விகிதமாக இருந்தாலும் முதலில் பங்குகளைக் கூட்டுங்கள், அந்தக் கூட்டுத்தொகையால் மொத்தப் பானத்தை வகுங்கள். கீழே வரும் எல்லாத் திருத்தங்களும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

குறி 1: பானம் நீர்த்துப்போய், சப்பென்று இருக்கிறது

முதலில், கலந்தவரிடம் கேளுங்கள்: "நாலுக்கு ஒன்று என்றால் எப்படி ஊற்றினீர்கள், அண்ணா?" பத்தில் எட்டு முறை விடை இங்கேதான் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். 'நாலுக்கு ஒன்று' என்பதை ஒருவர் 'மொத்தம் நாலு பங்கு, அதில் ஒன்று ஸ்குவாஷ்' என்று எடுத்துக்கொள்கிறார். அடுத்தவர் 'நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஸ்குவாஷ்' என்று எடுத்துக்கொள்கிறார். முதலாவதில் பானத்தின் நான்கில் ஒரு பங்கு ஸ்குவாஷ். இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்குதான். வாயில் வைத்தால் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். அதனால் சமையல்காரரிடம் சொல்லும்போது விகிதத்தைச் சொல்லாதீர்கள். 'இத்தனை லிட்டர் ஸ்குவாஷ், இத்தனை லிட்டர் தண்ணீர்' என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

நம் மண்டபத்தில் அப்படியே நடந்தது என்று கொள்வோம். ஏழரை லிட்டர் ஸ்குவாஷுக்கு இருபத்திரண்டரை லிட்டருக்குப் பதில் 30 லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். அண்டாவில் இப்போது முப்பத்தேழரை லிட்டர் இருக்கிறது. இதைத் திருத்த வேண்டுமானால் கலவையைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீரை மட்டும் பாருங்கள். தண்ணீரை இனி வெளியே எடுக்க முடியாது, அதற்கு ஏற்ற ஸ்குவாஷைத்தான் சேர்க்க முடியும். 30 லிட்டர் தண்ணீருக்கு 3-க்கு 1 கணக்கில் 10 லிட்டர் ஸ்குவாஷ் தேவை. ஏழரை லிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இன்னும் இரண்டரை லிட்டர், அதாவது நாலு பாட்டிலுக்குச் சற்றுக் குறைவாக, ஊற்றினால் போதும். மொத்தம் 40 லிட்டர் ஆகிவிடும். கூடுதலாக வரும் 10 லிட்டர் வீணாகாது, ஐம்பது டம்ளர் இரண்டாம் சுற்றுக்கு உதவும்.

அண்டாவில் ஊற்றும் முன்பு ஒரு டம்ளரில் சோதிப்பதைத் தவறவிடாதீர்கள். 200 மி.லி. பானத்தை எடுத்து, 5 மி.லி. கரண்டியால் ஸ்குவாஷை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குடித்துப் பாருங்கள். கணக்கின்படி ஏறத்தாழ இரண்டரைக் கரண்டியில் சரியாக வேண்டும். உங்கள் நாவுக்கு மூன்று கரண்டி தேவைப்பட்டால் 15 மி.லி. முப்பத்தேழரை லிட்டரில் அப்படி 187 டம்ளர் இருக்கின்றன, எனவே 2.8 லிட்டர் சேர்க்க வேண்டும். ஒரு டம்ளர் சோதனையில் தவறினால் இழப்பு ஒரு டம்ளர்தான்.

கடையில் ஸ்குவாஷ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? மலையில் இது அடிக்கடி வரும் நிலை. மேட்டுப்பாளையத்திலிருந்து அடுத்த வண்டி ஏறி வரும்வரை காத்திருக்க முடியாது. அப்போது இனிப்பை மட்டும் மீட்கலாம். சட்டப்படி ஸ்குவாஷில் கரைந்திருக்கும் திடப்பொருள் எடையில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். பெரும்பகுதி சர்க்கரைதான். அப்படிப்பட்ட ஒரு லிட்டர் ஒரு கிலோ 180 கிராம் அளவுக்கு எடை நிற்பதால், அதில் ஏறத்தாழ 470 கிராம் வரும். குறைந்துபோன இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ 200 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 600 மி.லி. வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, அண்டாவில் ஊற்றிக் கலக்குங்கள். இனிப்பு தேவையான இடத்துக்கு வந்துவிடும். புளிப்புக்கு எலுமிச்சைச்சாறு சிறிது சிறிதாகச் சேருங்கள். ஆனால் பழவாசம் குறைந்தது குறைந்ததுதான். அதைச் சர்க்கரையால் திருப்பித் தர முடியாது. அதை மறைக்க எசன்ஸை ஊற்றும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது பழத்தின் வாசத்தைக் கொண்டுவராது, அதன்மேல் இன்னொரு வாசத்தைப் பூசும்.

குறி 2: விகிதம் சரியாக ஊற்றினோம், ஆனாலும் நீர்த்திருக்கிறது

இங்கே அளந்த விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். எடை மேடையில் நிறுத்தார்களா என்று கேளுங்கள். ஸ்குவாஷ் தண்ணீரைவிடக் கனமானது. 40 சதவீதத் திடப்பொருள் உள்ளது ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ 180 கிராம் இருக்கும். ஏழரை லிட்டர் என்பதை ஏழரை கிலோவாக நிறுத்துவிட்டால் உள்ளே போனது ஆறே கால் லிட்டருக்குச் சற்று மேல். ஒரு லிட்டருக்கு மேல் குறைகிறது. நிறுத்துத்தான் கலக்க வேண்டுமானால் 8 கிலோ 850 கிராம் நிறுக்க வேண்டும். தண்ணீருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதன் ஒரு லிட்டர் ஒரு கிலோதான்.

இன்னொரு காரணம் மலைக்குளிருக்கே உரியது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அதிகாலையில் வெளியே வைத்த பாட்டில் இறுகிக் கெட்டியாக இருக்கும். டம்ளரால் அளந்து கவிழ்த்தால் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியே நிற்கும். 250 மி.லி. டம்ளரால் ஏழரை லிட்டர் அளக்க 30 முறை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 மி.லி. ஒட்டிக்கொண்டால் 300 மி.லி. அண்டாவுக்குப் போகவில்லை. தீர்வு எளிது. பாட்டிலை அறைக்குள் கொண்டுவந்து வைத்துக் குளிர் நீங்கிய பிறகு அளக்கலாம். அல்லது அண்டாவுக்கு எடுத்து வைத்த தண்ணீரிலிருந்தே சிறிது எடுத்து டம்ளரையும் காலி பாட்டில்களையும் அலசி, அந்த அலசலை அண்டாவிலேயே ஊற்றலாம். கணக்கில் உள்ள தண்ணீராலேயே அலசுவதால் விகிதம் மாறாது. பாட்டிலின் அடியில் தங்கும் பழச்சதையும் அதோடு வந்துவிடும். தாட்பூட் பழ ஸ்குவாஷில் இது முக்கியம், ஏனென்றால் வாசத்தில் பெரும்பங்கு சதையோடுதான் இருக்கிறது. ஊற்றும் முன் பாட்டிலைக் குலுக்குவதும் இதற்காகத்தான்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்ப்பவர்கள் ஆறிய பிறகு அளக்க வேண்டும். கொதிப்பதற்கு முன் அளந்தால் ஆவியான அளவு குறைந்து பானம் திகட்டிப்போகும்.

குறி 3: திகட்டுகிறது, நாக்கில் பாகுபோல் ஒட்டுகிறது

தண்ணீர் குறைவாக ஊற்றிய எளிய தவறு என்றால் தண்ணீர் சேர்ப்பதே திருத்தம். ஏழரை லிட்டர் ஸ்குவாஷுக்கு 15 லிட்டர் ஊற்றியிருந்தால் இன்னும் ஏழரை லிட்டர் ஊற்றுங்கள். அண்டாவில் இடம் இல்லாவிட்டால் பானத்தில் பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சேர்க்கும் தண்ணீரிலும் பாதியை அதில் ஊற்றுங்கள். ஒரு பாத்திரத்தை நிரப்பிவிட்டு 'மீதியை அப்புறம் பார்க்கலாம்' என்றால் இரண்டும் வேறு வேறு சுவையில் நிற்கும்.

ஆனால் விகிதம் சரி, அளவும் சரி, இருந்தும் திகட்டுகிறது என்றால் பாட்டிலின் பெயரைப் படியுங்கள். ஸ்குவாஷ், கிரஷ், பழ சிரப் மூன்றும் கடையில் ஒரே அலமாரியில் நிற்கும். மூன்றும் ஒன்றல்ல. நம் நாட்டு விதிப்படி மூன்றிலும் பழச்சாறு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். திடப்பொருள் அளவுதான் வேறுபடுகிறது: ஸ்குவாஷில் குறைந்தது 40 சதவீதம், கிரஷில் 55, சிரப்பில் 65. ஒரு லிட்டரில் முறையே 470, 690, 850 கிராம் அளவுக்கு வருகிறது. நாம் விரும்பும் பானத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 118 கிராம்தான் இருக்கிறது, 3-க்கு 1 கலந்த ஸ்குவாஷ் தருவது அதைத்தான். ஆகவே அதே இனிப்புக்கு ஒரு லிட்டர் கிரஷ் 6 லிட்டர் பானமாகும், 5 லிட்டர் தண்ணீர் கேட்கும். ஒரு லிட்டர் சிரப் 7 லிட்டராகும், 6 லிட்டர் தண்ணீர் கேட்கும். இவை குறைந்தபட்ச அளவை வைத்துப் போட்ட கணக்கு. பாட்டிலில் கூடுதலாக இருக்கலாம், அதனால் லேபிள் சொல்வதே முதல் வார்த்தை.

மண்டபத்துக்கு ஸ்குவாஷ் என்று சொல்லிக் கிரஷ் வந்துவிட்டது, ஏழரை லிட்டரில் இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று கொள்வோம். ஐந்து பங்கு கணக்கில் முப்பத்தேழரை லிட்டர் தண்ணீர் வேண்டும். இன்னும் 15 லிட்டர் ஊற்றினால் இனிப்பு சரியாகும், பானம் 45 லிட்டராகிவிடும். இங்கே ஒரு விலை உண்டு. 25 சதவீதப் பழச்சாறு நான்கு பங்கில் பரவும்போது பானத்தில் 6 சதவீதத்துக்கு மேல் நிற்கும். ஆறு பங்கில் பரவினால் 4 சதவீதம்தான். இனிப்பும் பழமும் ஒரே வேகத்தில் நீர்க்கும், ஆனால் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. அதனால் கிரஷில் நான் முழு ஐந்து பங்குக்குப் போக மாட்டேன். நான்கு பங்கு தண்ணீரோடு நிறுத்தி, மிஞ்சும் திகட்டலை எலுமிச்சையின் புளிப்பால் சமன்செய்வேன். பிளம்ஸ் கிரஷுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

சூடும் ஒரு காரணமாகலாம். குளிர்ந்த பானத்தில் இனிப்பு மங்கித் தெரியும், வெதுவெதுப்பில் தூக்கலாகத் தெரியும். குளிர்காலத்தில் இஞ்சி ஸ்குவாஷையோ எலுமிச்சை ஸ்குவாஷையோ வெந்நீரில் கலந்து குடிக்கும் வீடுகள் இங்கே உண்டு. அதற்கு 3 பங்குக்குப் பதில் 4 பங்கு தண்ணீர் ஊற்றலாம். எந்தச் சூட்டில் பரிமாறப் போகிறீர்களோ அந்தச் சூட்டில் சுவை பாருங்கள்.

குறி 4: முதல் டம்ளர் ஒரு சுவை, கடைசி டம்ளர் வேறு சுவை

குழாய் வைத்த டிரம்மில் முதல் சில டம்ளர் பாகாக வந்து, பிறகு போகப் போக நீர்த்தால், கனமான ஸ்குவாஷ் அடியில் இறங்கிக் குழாயருகே நின்றுவிட்டது என்று பொருள். தண்ணீரை முதலில் நிரப்பி மேலே ஸ்குவாஷை ஊற்றினால் இப்படி ஆகும். ஸ்குவாஷை முதலில் ஊற்றி, அதே அளவு தண்ணீர் சேர்த்து நன்றாகக் கலக்கிய பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். ஏற்கெனவே தங்கிவிட்டதென்றால் குழாயிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் பிடித்து மேலே ஊற்றி, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து கிளறுங்கள். சதை உள்ள ஸ்குவாஷைப் பரிமாறும் நேரம் முழுக்க அவ்வப்போது கிளற வேண்டும்.

தொடக்கத்தில் நன்றாக இருந்து ஒரு மணி நேரத்தில் நீர்த்தால் காரணம் ஐஸ்கட்டி. ஒரு கிலோ ஐஸ் உருகினால் ஒரு லிட்டர் தண்ணீர். 4 கிலோ போடப் போகிறீர்கள் என்றால் இருபத்திரண்டரை லிட்டருக்குப் பதில் பதினெட்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் உருகும்வரை பானம் சற்றுத் தூக்கலாக இருக்கும், குளிரில் அது தெரியாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் குழாய்த் தண்ணீரே குளிர்ந்து வருகிறது. அங்கே ஐஸைத் தவிர்க்கவே நான் சொல்வேன்.

குறி 5: எசன்ஸ் சேர்த்த பானம் கசக்கிறது, மருந்துபோல் மணக்கிறது

எசன்ஸ் மிகச் செறிவானது. சில துளிகள் கூடினாலும் கசப்பு வரும். 'லிட்டருக்கு 1 மி.லி.' என்று லேபிள் சொன்னால் 30 லிட்டருக்கு 30 மி.லி. அளப்பது எளிது. அரை லிட்டர் ஜாடிக்கு அரை மி.லி. அளப்பதுதான் கடினம். அதற்கு ஒரு நடுக்கலவை வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.லி. எசன்ஸை 90 மி.லி. சர்க்கரைப்பாகில் கலந்தால் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதில் 5 மி.லி. கரண்டி ஒன்று எடுத்தால் அரை மி.லி. எசன்ஸ் கிடைக்கும். பாட்டிலின் மேல் 'பத்தில் ஒன்று' என்று எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் அதை நேரடி எசன்ஸ் என்று எண்ணி அளப்பார்.

கூடிவிட்டால் வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், இனிப்பும் சேர்ந்து போய்விடும். 5 லிட்டரில் லிட்டருக்கு 1 மி.லி.க்குப் பதில் 3 மி.லி. போயிருந்தால், எசன்ஸ் இல்லாமல் அதே இனிப்பிலும் புளிப்பிலும் இன்னும் 10 லிட்டர் பானம் கலந்து சேர்க்க வேண்டும். அவ்வளவு தேவையில்லை என்றால் கெட்டதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு அதை 5 லிட்டராக்குங்கள். மீதியைக் கொட்டிவிடலாம்.

பானத்தின் மேல் சிறு சிறு எண்ணெய்ப் பளபளப்பு மிதந்தால் அது எண்ணெயில் கரைத்த எசன்ஸ். எவ்வளவு கலக்கினாலும் தண்ணீரோடு சேராது. மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் உரியதை வாங்கியிருக்கிறீர்கள். தண்ணீரில் கரையும் எசன்ஸாக மாற்ற வேண்டும். நீலகிரித் தைலச் சீசாவை எசன்ஸ் அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். தைலம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. இதில் விகிதமே கிடையாது.

குறி 6: பால் திரிந்துவிட்டது, அல்லது மிஞ்சியது நுரைக்கிறது

புளிப்புள்ள பழ ஸ்குவாஷ் பாலைத் திரித்துவிடும். பாலுக்கு ரோஸ் போன்ற புளிப்பில்லாத சிரப்தான்.

கலந்து மிஞ்சிய பானம் மறுநாள் நுரைத்துப் புளித்த வாடை வீசினால் அதை மீட்க வழியில்லை. பாட்டிலில் ஸ்குவாஷைக் காத்து நின்றது சர்க்கரையும் பாதுகாப்புப் பொருளும். தண்ணீர் சேர்த்ததும் இரண்டும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன, புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களை இனி அவை தடுக்காது. அதனால் 30 லிட்டரையும் காலையிலேயே கலக்க வேண்டாம். 15 லிட்டர் முதலில், பந்தி நிரம்புவதைப் பார்த்து மீதி 15. திறக்காத பாட்டில் வீட்டுக்குத் திரும்பி வரும், கலந்த பானம் அன்றைக்கே தீர வேண்டும்.